கறுப்புக் கண்டாங்கிப் படத்தில் பஞ்சும் திருநீற்றுக் கறையும்: கட்டம் உடையாமல் எடுப்பது எப்படி?

வளவு_வெளிச்சம்:
வணக்கம். காரைக்குடியில் ஒரு சேலைக் கடைக்காக கண்டாங்கிப் படங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில், தூணோரமாக ஒரு பெண்ணை நிற்க வைத்து எடுத்தோம். கறுப்பு உடல், கடுகு மஞ்சள் கோட்டில் கட்டம், செங்கல் சிவப்பில் அகலக் கரை. வெளிச்சம் முற்றத்திலிருந்து பக்கவாட்டில் வந்ததால் நெசவு அருமையாகத் தெரிகிறது. தொல்லையும் அதே வெளிச்சத்தால்தான். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பஞ்சு, நூல்பிசிறு எல்லாம் படத்தில் வெள்ளை வெள்ளையாக மின்னுகிறது. தோள் பக்கம் சுவரிலிருந்து ஒட்டிய சுண்ணாம்புத் தூள். கொசுவத்துக்குச் சற்று மேலே உள்ளங்கை அளவுக்குத் திருநீறு தேய்ந்த கறை.

போட்டோஷாப்பில் ஸ்பாட் ஹீலிங் போட்டுப் பார்த்தேன். பஞ்சு போகிறது. ஆனால் அந்த இடத்தில் இழை மழுங்கி வழவழப்பாகிவிடுகிறது. மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டால் கோடே வளைகிறது, சில இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது. படம் 24 மெகாபிக்சல், ராவில் இருக்கிறது. ஒவ்வொரு இழையும் எண்ணும்படி தெரிகிறது. பெரிய அளவில் அச்சுக்கும் போகும், இணையதளத்துக்கும் போகும். கட்டம் உடையாமல் எடுக்க என்ன வழி?

செட்டிநாட்டு_ஆச்சி:
தம்பி, கறுப்புக் கண்டாங்கியைத் துண்டு, வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைக்கவே கூடாது. பஞ்சு அத்தனையும் அதில் ஏறிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தனியாக அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். திருநீற்றுக் கறையை ஈரத்துணியால் தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். முதலில் நன்றாக உதறி, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் இழை போகும் பக்கமாகவே தட்டி எடுத்துவிட்டு அப்புறம் நனையுங்கள். குறுக்கே தேய்த்தால் துணி சொரசொரப்பாகிவிடும்.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி, அவர் கேட்பது படத்தில் எடுப்பதற்கு. சேலை கடைக்குத் திரும்பப் போயிருக்கும்.

வளவு, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். லேயரை ஒரு நகல் எடுத்து Filter > Noise > Dust & Scratches போடுங்கள். ரேடியஸ் 5 அல்லது 6 வைத்தால் எல்லாப் பஞ்சும் ஒரே அடியில் போய்விடும். அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, பஞ்சு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் போதும். கல்யாண ஆல்பத்தில் நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வளவு_வெளிச்சம்:
அண்ணே, இப்போதே போட்டுப் பார்த்தேன். ரேடியஸ் 5 வைத்தால் பஞ்சோடு இழையும் போய்விடுகிறது, கறுப்பு சாயம் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது. 1 வைத்தால் இழை நிற்கிறது, பஞ்சும் நிற்கிறது.

நூல்கண்டு:
அந்த ஃபில்டர் சுற்றியிருக்கும் பிக்சல்களில் நடுவான ஒன்றை எடுத்துப் போடும். எது சின்னதாக, சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்டுத் தெரிகிறதோ அது போகும். உங்கள் படத்தில் ஓர் இழையின் அகலம் மூன்று நான்கு பிக்சல் இருக்கும் என்று நினைக்கிறேன். பஞ்சும் ஏறத்தாழ அதே அகலம். ஃபில்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பள்ளத்தூர்க்காரர் சொல்வது தவறில்லை. நெசவு தனியாகத் தெரியாத துணியில், அதாவது இழை ஒரு பிக்சலை விடச் சின்னதாக இருக்கும் படத்தில், அது நன்றாக வேலை செய்யும். இந்தப் படத்துக்கு ஒத்துவராது.

கருவியைத் தொடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அழுக்கையும் ஒரு கேள்வி கேளுங்கள்: அதற்கு அடியில் இழை தெரிகிறதா, இல்லையா? பஞ்சும் பிசிறும் இழையை மறைக்கின்றன. அங்கே நெசவே இல்லை, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தாக வேண்டும். திருநீற்றுக் கறை அப்படி இல்லை. அது நிறத்தையும் வெளுப்பையும் மாற்றியிருக்கிறது, ஆனால் இழை அப்படியே அடியில் இருக்கிறது. அங்கே க்ளோன் செய்தால், இருக்கிற நல்ல நெசவை அழித்துவிட்டுப் போலி நெசவை வைக்கிறீர்கள். உள்ளங்கை அளவுக்கு அப்படிச் செய்தால் எங்காவது ஒரு கட்டம் கட்டாயம் காட்டிக்கொடுக்கும். அதற்கு கர்வ்ஸ் மட்டும் போதும்.

முதலில் பஞ்சு. ஸ்பாட் ஹீலிங் எங்கிருந்து எடுக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை, அதனால்தான் இழை இடம் மாறுகிறது. ஹீலிங் பிரஷ் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம், ஆனால் நிறத்தை அக்கம்பக்கத்தோடு கலந்துவிடும். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டால் மஞ்சள் கறுப்புக்குள் கசியும். வெறும் கறுப்புக்கு நடுவில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கோட்டுக்கு அருகில் க்ளோன் ஸ்டாம்ப்தான்.

வளவு_வெளிச்சம்:
க்ளோன் ஸ்டாம்பிலும் இழை சேராமல் தையல் போட்ட மாதிரி தெரிகிறதே, அண்ணே. எவ்வளவு மென்மையான பிரஷ் எடுத்தாலும் ஓரம் தெரிகிறது.

நூல்கண்டு:
மென்மையான பிரஷ்தான் அங்கே கெடுக்கிறது. பிரஷ்ஷின் ஓரத்தில் பழைய நெசவு பாதி, புது நெசவு பாதி கலக்கும். இரண்டு இழையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால், மேடும் பள்ளமும் கலந்து சாம்பல் நிறத்தில் ஒரு மழுங்கல் வரும். ஒபாசிட்டியைக் குறைத்தாலும் இதே கதிதான். ஒபாசிட்டி 100, ஹார்ட்னஸ் 70க்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் பஞ்சைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்க வேண்டும். இழை சரியாக உட்கார்ந்தால் ஓரம் தெரியாது.

உட்கார வைப்பதற்குத்தான் கட்டம் இருக்கிறது. மேலே ஒரு வெற்று லேயர் போடுங்கள். க்ளோன் ஸ்டாம்பில் சாம்பிள் என்ற இடத்தில் Current & Below தேர்வு செய்யுங்கள், Aligned டிக் ஆகியிருக்கட்டும். பஞ்சு இருக்கும் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில், இரண்டு மஞ்சள் கோடுகள் வெட்டிக்கொள்ளும் மூலையில் Alt அழுத்திக் கிளிக் செய்யுங்கள். பிறகு பஞ்சு இருக்கும் கட்டத்தில் அதே மூலையில் ஒரு கிளிக். மூலைமேல் மூலை விழுகிறது, எந்தச் சேதமும் இல்லை. ஆனால் இப்போது இடைவெளி பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்தக் கட்டத்துக்குள் எங்கே தடவினாலும் அடுத்த கட்டத்தில் அதே இடத்தில் இருக்கும் இழைதான் வரும். Clone Source பேனலில் Show Overlay போட்டுக்கொண்டால் தடவுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

கட்டத்துக்கு நடுவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்டாங்கி சாதா நெசவு. ஊடை ஓர் இழையின் மேலே, அடுத்ததின் கீழே என்று மாறி மாறிப் போகும். நீங்கள் பக்கவாட்டில் ஓர் இழை மட்டும் தள்ளி எடுத்தால் மேல் கீழாகிவிடும். தூரத்தில் தெரியாது, அச்சில் ஒரு தழும்பு போலத் தெரியும். இரண்டு இழை தள்ளுங்கள், அல்லது பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று என்று மூலைவாட்டில் தள்ளுங்கள். கீபோர்டின் அம்புக்குறியால் ஒரு துண்டை நகர்த்திப் பார்த்தால் எந்த இடத்தில் நெசவு ‘சேருகிறது’ என்பது கண்ணுக்கே தெரியும்.

ரொம்பத் தொலைவிலிருந்தும் எடுக்காதீர்கள். உடம்பின் வளைவால் கட்டத்தின் அளவு மாறும், வெளிச்சமும் மாறும். பக்கத்துக் கட்டம், மிஞ்சினால் அதற்கு அடுத்தது.

தேவகோட்டை_ஆல்பம்:
என் பிரச்சினையும் இதேதான், கொஞ்சம் கேளுங்கள். மாப்பிள்ளை கருநீலக் கோட்டு. ரிசப்ஷன் படம். தோள் முழுக்க மல்லிகைப் பூவின் நார், கையில் சந்தனம், அட்சதை மஞ்சள். கோட்டில் கட்டமே கிடையாது, எந்த மூலையைப் பிடிப்பது? குடும்பப் படம் என்பதால் ஒரு ஆள் படத்தில் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறார்.

நூல்கண்டு:
உங்களுக்குப் பள்ளத்தூர்க்காரர் வழிதான் நல்லது. ஆள் அவ்வளவு சின்னதாக இருந்தால் கோட்டின் நெசவு படத்தில் பதிவாகியே இருக்காது. Dust & Scratches, ரேடியஸ் 4, திரெஷோல்டை மெதுவாக ஏற்றி, படத்தின் கிரெயின் திரும்ப வரும் இடத்தில் நிறுத்துங்கள். திரெஷோல்டு பூஜ்யத்தில் விட்டால் அந்த இடம் மட்டும் மெழுகு மாதிரி ஆகும். கோட்டைக் கிட்டத்தில் எடுத்த படமாக இருந்தால் துணியில் சாய்வான கோடுகள் தெரியும், அப்போது அந்தச் சாய்வின் போக்கிலேயே மேலோ கீழோ தள்ளி க்ளோன் செய்ய வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
அதைத்தான் நானும் சொன்னேன். எல்லாரும் சேலையைக் கிட்டத்தில் எடுப்பதில்லை.

இன்னொன்று. பஞ்சு எப்போதும் துணியைவிட வெளிச்சம்தானே? க்ளோன் ஸ்டாம்பை டார்க்கன் மோடில் வைத்தால், வெளிச்சமான பிக்சலை மட்டும் மாற்றும், கறுப்பு இழையைத் தொடாது. இழை சேர்கிறதா என்ற கவலையே வேண்டாம்.

வளவு_வெளிச்சம்:
இரண்டு பேர் சொன்னதையும் செய்து பார்த்தேன். மூலை பிடித்து எடுத்தது அற்புதமாக வந்தது. கோடு ஓர் இடத்திலும் வளையவில்லை. வேகத்துக்காகத் தோள் பக்கத்துச் சுண்ணாம்புத் தூளை மட்டும் டார்க்கன் மோடில் அகலமாகத் தடவினேன். தூள் போய்விட்டது, ஆனால் அந்தத் தோளே மற்ற இடத்தைவிடக் கறுத்துவிட்டது. நெசவும் அங்கே தட்டையாக இருக்கிறது. அதோடு, வெற்று லேயரில் டார்க்கன் மோடு வேலை செய்யவே இல்லை. நகல் லேயரில்தான் செய்தது.

நூல்கண்டு:
டார்க்கன் நல்ல யோசனைதான், பள்ளத்தூர்க்காரர் சொன்னதில் பாதி சரி. ஆனால் இழை சேராவிட்டால் கவலை இல்லை என்பது சரியில்லை. டார்க்கன் இரண்டு பிக்சலில் எது இருட்டோ அதை எடுக்கும். இழையின் முதுகில் ஒரு மெல்லிய வெளிச்சம் இருக்கிறது, அதனால்தான் நெசவு தெரிகிறது. சேராத நெசவை மேலே போட்டால், இந்த இழையின் முதுகில் அந்த நெசவின் பள்ளம் விழும், இருட்டு ஜெயிக்கும். இப்படி எல்லா முதுகும் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். உங்கள் தோள் கறுத்தது அதனால்தான். நகல் லேயரில் திரும்பத் திரும்பத் தடவத் தடவ இன்னும் கறுக்கும்.

வெற்று லேயரில் வேலை செய்யாததற்குக் காரணம், பிரஷ்ஷின் மோடு அந்த லேயரில் இருக்கும் பிக்சலோடு மட்டும்தான் ஒப்பிடும். அங்கே ஒன்றும் இல்லை. பிரஷ்ஷை நார்மலில் வைத்துவிட்டு லேயரின் மோடை டார்க்கனாக மாற்றுங்கள். அப்போது கீழே இருப்பதோடு ஒப்பிடும். ஒரே இடத்தில் பத்து முறை தடவினாலும் கூடிக்கொண்டே போகாது.

தோளில் அந்த லேயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூலை பிடித்து, தூள் துகளின்மேல் மட்டும் புள்ளி புள்ளியாகப் போடுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் என்றீர்களே, ஒவ்வொரு பிசிறுக்கும் மறுபக்கத்தில் ஒரு மெல்லிய நிழல் இருக்கும். டார்க்கன் அதைத் தொடாது. பிசிறு போன பிறகும் ‘ஏதோ இருக்கிறதே’ என்று தோன்றினால் அது அந்த நிழல்தான். அதற்கு லைட்டன் மோடில் இன்னொரு லேயர், அதே மூலை.

வளவு_வெளிச்சம்:
நிழலை நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். எல்லா இடத்திலும் இருக்கிறது. திருநீற்றுக் கறைக்கு கர்வ்ஸ் எப்படி வைப்பது?

நூல்கண்டு:
ஐட்ராப்பரில் சாம்பிள் சைஸை 11 by 11 Average ஆக்கிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிக்சலை எடுத்தால் ஒரு முறை இழையின் முதுகு வரும், ஒரு முறை பள்ளம் வரும், கணக்கு நிற்காது. கறைக்குள் ஓர் இடம், கறைக்கு வெளியே அதே வெளிச்சத்தில் ஓர் இடம் எடுத்து எண்களைப் போடுங்கள்.

வளவு_வெளிச்சம்:
வெளியே R 34, G 31, B 33. கறைக்குள் R 71, G 69, B 66.

நூல்கண்டு:
மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு ஏறியிருக்கிறது, எனவே நிறப் பிரச்சினை பெரிதில்லை, வெளுப்புதான். சந்தனமாக இருந்தால் சிவப்பும் பச்சையும் அதிகம் ஏறி, நீலம் பின்தங்கியிருக்கும்.

கர்வ்ஸ் லேயர் போட்டு, அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, கறையின்மேல் பெரிய மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை தடவுங்கள். க்ளோனுக்குக் கூடாது என்ற மென்மை இங்கேதான் வேண்டும், ஏனென்றால் நெசவை நாம் நகர்த்தவில்லை. கர்வின் நடுப்பகுதியைக் கீழே இழுப்பதுதான் எல்லாரும் செய்வது. அது போதாது. தூள் முதலில் நிரப்புவது இழைகளுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தை. எனவே பள்ளம் அதிகமாக வெளுத்திருக்கும், முதுகு கொஞ்சமாக. அதாவது வெளுப்பு மட்டுமல்ல, நெசவின் ஏற்ற இறக்கமும் குறைந்திருக்கிறது. இடது மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளியை வலப்பக்கம் நகர்த்துங்கள், 30க்குப் பக்கத்தில் தொடங்கிப் பாருங்கள். பள்ளம் மறுபடி இருட்டாகும். அப்புறம் நடுவில் ஒரு புள்ளி வைத்து, சராசரி 34, 31, 33க்கு வரும்வரை மேலோ கீழோ சரிசெய்யுங்கள்.

கறைக்குள் போகும் மஞ்சள் கோட்டுக்கு இதே கர்வ் ஒத்துவராது, கோடு பழுப்பாகிவிடும். மாஸ்க்கில் கோட்டின்மேல் கறுப்புத் தடவி விலக்கிவிட்டு, கோட்டுக்கு மட்டும் லேசான இன்னொரு கர்வ்ஸ் போடுங்கள். தூள் கெட்டியாக அப்பி, இழையே தெரியாத இடம் நடுவில் கொஞ்சம் இருக்கும். அது பஞ்சு கணக்கில் சேரும், க்ளோன்.

ஊடை_பாவு:
தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நான். இந்த உரையாடலை முழுக்கப் படித்தேன். ஒரு கவலை. கைத்தறி நூலில் அங்கங்கே தடித்த இடம் இருக்கும், அறுந்து முடிந்த முடிச்சும் இருக்கும். படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் அது பஞ்சு போலவே தெரியும். அதையும் துடைத்துவிடாதீர்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறி என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். படத்தில் விசைத்தறி மாதிரி ஒரே சீராக ஆக்கினால், சேலை வீட்டுக்குப் போனதும் ‘குறை இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. தடித்த இடம் பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோதான் இருக்கும், மேலே கீழே என்று நெசவுக்குள் புகுந்து போகும். நிறமும் அந்த இழையின் நிறமாகவே இருக்கும். பஞ்சு எந்தப் பக்கமும் சாய்ந்து, நாலைந்து இழைக்கு மேலே குறுக்காகப் படுத்திருக்கும்.

வளவு_வெளிச்சம்:
இது நல்ல பேச்சு. ஆனால் கடைக்காரர் முடிச்சும் தெரியக்கூடாது என்கிறார். தடித்த இழையை விட்டுவிடலாம், முடிச்சை எடுக்கலாம் என்று பேசிப் பார்க்கிறேன்.

ஊடை_பாவு:
முடிச்சும் துணியில் இருப்பதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பள்ளத்தூர்க்காரன்:
வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். முகத்தில் பருவை எடுக்கிறோம், முடிச்சை எடுத்தால் என்ன?

ஊடை_பாவு:
முகத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, அண்ணே. சேலையை வாங்குகிறார்கள்.

செட்டிநாட்டு_ஆச்சி:
சரி, இப்போதுதான் புரிந்தது. ஆனாலும் தம்பி, அடுத்த தடவை படம் எடுப்பதற்கு முன் அகலமான பழுப்பு டேப்பைக் கையில் சுற்றி, பசைப்பக்கத்தால் சேலையை ஒற்றி எடுங்கள். கட்டிய பிறகு ஒரு முறை, தோளில் முந்தானை போட்ட பிறகு ஒரு முறை. தேய்க்காமல் ஒற்ற வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சாயவே விடாதீர்கள்.

நூல்கண்டு:
ஆச்சி சொன்னதைச் செய்தால் பாதி வேலை குறையும். ஒற்றிய பிறகு ஒரு டார்ச்சைத் துணியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், கேமராவில் தெரியப்போவதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

வளவு_வெளிச்சம்:
மிக்க நன்றி ஆச்சி, கட்டாயம் செய்கிறேன்.

உடல் பகுதி முடிந்தது. கறை இருந்த இடத்தைக் கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் கொசுவம் பாக்கி. மடிப்பு வளைவில் கட்டம் நெருங்கிப் போகிறது, ஒரு மடிப்பின் மூலை இன்னொன்றில் உட்காரவில்லை.

நூல்கண்டு:
மடிப்புக்குக் குறுக்கே எடுக்காதீர்கள், நெடுக எடுங்கள். ஒரே மடிப்பின் அதே மேட்டில் சற்று மேலே இருக்கும் கட்டம்தான் வெளிச்சத்திலும் அளவிலும் ஒத்துவரும். அதுவும் உட்காராவிட்டால், சுத்தமான ஒரு கட்டத்தைச் சுற்றித் தேர்வு செய்து Ctrl+J போட்டுத் தனி லேயராக எடுங்கள். அந்த லேயரை டிஃபரன்ஸ் மோடில் வைத்து அழுக்கின்மேல் நகர்த்துங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடமெல்லாம் கறுப்பாகும், ஒத்துப்போகாத இழை வெளிச்சமாகத் தெரியும். கறுப்புத் துணியில் இந்த வித்தியாசம் மங்கலாக இருக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் வைத்து இருட்டைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், முடித்ததும் அணைத்துவிடுங்கள். Edit > Transform > Warp எடுத்து மஞ்சள் கோடு கோட்டின்மேல் படியும்வரை வளையுங்கள், நார்மலுக்குத் திரும்பி மாஸ்க் போட்டு அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் திறங்கள். வளைப்பதால் இழை கொஞ்சம் மென்மையாகும். பெரிய துண்டுக்கு இதைச் செய்யாதீர்கள்.

தேவகோட்டை_ஆல்பம்:
ஜிம்ப்பில் இந்த வேலை நடக்குமா? என்னிடம் அதுதான் இருக்கிறது.

நூல்கண்டு:
க்ளோன் கருவி உண்டு, Alt இடத்தில் Ctrl. Alignment என்பதை Aligned ஆக்குங்கள். மோடில் Darken only இருக்கிறது. மூலை பிடிக்கும் முறை அப்படியே செல்லும்.

வளவு_வெளிச்சம்:
கொசுவத்தில் இரண்டு மடிப்பு சரியாக வந்தது. நடு மடிப்பின் பள்ளத்தில், நிழலுக்குள் போகும் இடத்தில் மட்டும் கோடு ஒரு இழை அளவுக்கு விலகியே நிற்கிறது. இன்னொன்று, படத்தைத் திரையளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் கறுப்புப் பகுதியில் அலை அலையாக ஏதோ தெரிகிறது. நான் கெடுத்ததா?

நூல்கண்டு:
100 சதவீதத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது திரை சுருக்கிக் காட்டுவதில் வரும் அலை, படத்தில் இல்லை. இணையத்துக்கு அளவு குறைத்துச் சேமித்த பிறகு அந்தக் கோப்பைத் தனியாகத் திறந்து மறுபடி பாருங்கள், அதில் இருந்தால் சுருக்குவதற்கு முன் மிக லேசாக ஒரு ப்ளர் போட்டு மறுபடி சுருக்குங்கள்.

நிழல் பள்ளத்தில் ஓர் இழை விலகல் அச்சில் தெரியுமா என்பது படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி இங்கே போடுங்கள், சுருக்காமல்.

பள்ளத்தூர்க்காரன்:
கூடவே பழைய படத்தையும் போடுங்கள். அந்தப் பள்ளத்தில் கோடு முதலிலேயே விலகித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, மடிப்பு அங்கே முறுக்கியிருக்கலாம்.